கறுப்பு அங்கிக்கு வெளியே: வழக்கறிஞர் குமாஸ்தாவின் தொழில்

சட்டத் துறைக்குள் நுழைய சட்டக் கல்லூரி ஒன்றே வாசல் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தாலும், மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களின் அன்றாட வேலையில் பெரும்பகுதி சட்டப் பட்டம் இல்லாதவர்களின் கையால்தான் நடக்கிறது. வழக்கைத் தாக்கல் செய்வது, எண் வாங்குவது, சம்மன் அனுப்ப வைப்பது, வாய்தா தேதியைக் குறித்து வைப்பது, தீர்ப்பின் நகலைப் பெறுவது ஆகிய வேலைகளைச் செய்பவர்களில் ஒரு சாரார் வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்த குமாஸ்தாக்கள். மற்றொரு சாரார் நீதிமன்றத்தின் சம்பளப் பட்டியலில் உள்ள எழுத்தர்கள், தட்டச்சர்கள், அமீனாக்கள். இவ்விரு வேலைகளுக்கும் நுழைவுச் செலவு மிகக் குறைவு என்பதால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக இவ்வழியில் வந்திருக்கிறார்கள். இந்தத் தொழில் எதைக் கற்றுத் தருகிறது, அதன் எல்லைச் சுவர் எங்கே நிற்கிறது என்ற இரண்டும் வெளியில் அதிகம் பேசப்படாதவை.

குமாஸ்தா வேலைக்கு எழுத்துத் தேர்வும் இல்லை, கட்டணமும் இல்லை. தமிழில் பிழையின்றி எழுதவும், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டியேனும் படிக்கவும், கூட்டிக் கழிக்கவும் தெரிந்த ஒருவர், ஒரு வழக்கறிஞரிடமோ அவருடைய மூத்த குமாஸ்தாவிடமோ ஒட்டிக்கொண்டு, முதல் சில மாதங்களுக்குக் கட்டுகளை அலுவலகத்திலிருந்து நீதிமன்றத்துக்கும் நீதிமன்றத்திலிருந்து அலுவலகத்துக்கும் சுமந்து செல்வதில் தொடங்குகிறார். கட்டு என்பது ஒரு வழக்கின் எல்லாத் தாள்களையும் ஓர் அட்டைக்குள் வைத்து நாடாவால் கட்டியது. அந்த அட்டையின் மேல் வழக்கு எண், தரப்பினர் பெயர், ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்தது என்ன, அடுத்த வாய்தா என்று, எதற்காக என்ற குறிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அந்தக் குறிப்புகளைத் தினமும் படிப்பதே முதல் பாடம். நூறு கட்டுகளின் அட்டைகளைப் படித்தவருக்கு ஓர் உரிமையியல் வழக்கு எந்த நிலைகளைத் தாண்டி எப்படி நகர்கிறது, எந்த இடத்தில் மாதக் கணக்கில் முடங்குகிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

அந்தப் பாடத்தின் அடுத்த கட்டத்தைக் காட்டுவதற்குக் கடன் வழக்கு ஒன்றே போதும், ஏனெனில் தாலுகா நீதிமன்றக் குமாஸ்தா முதலில் கையாளும் வழக்கு பெரும்பாலும் புரோநோட்டு வழக்காகத்தான் இருக்கும். புரோநோட்டு என்பது கேட்டபோது திருப்பித் தருவதாகக் கடன் வாங்கியவர் எழுதிக் கொடுக்கும் கடனுறுதிச் சீட்டு. அதன் முன்பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டப்பட்டு, அந்த ஸ்டாம்பின் மேல் கையெழுத்து ஓடியிருக்க வேண்டும். ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டை, வேறு பல ஆவணங்களைப் போல அபராதம் கட்டிச் சரிசெய்து சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. கட்சிக்காரர், அதாவது வழக்குப் போட வருபவர், சீட்டை நீட்டும்போது அனுபவமுள்ள குமாஸ்தா முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தையே முதலில் திருப்பிப் பார்ப்பார். கடன் வாங்கியவர் இடையில் ஏதேனும் வட்டியோ அசலோ கொடுத்து, அதை அங்கே தம் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ வரவு வைத்திருந்தால், மூன்றாண்டு கால வரம்பு அந்த வரவுத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆனால் அந்த வரவு முந்தைய மூன்றாண்டு முடிவதற்குள் வைக்கப்பட்டிருக்க வேண்டும். 2022 ஜூலை 9 தேதியிட்ட சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால், 2025 ஜூலை 9க்குள் பிராது நீதிமன்றத்தில் சேர்ந்தாக வேண்டும். அதே சீட்டின் பின்னே 2024 மார்ச்சில் ஐந்தாயிரம் ரூபாய் வரவு வைத்துக் கையெழுத்து இருந்தால் அவசரமே இல்லை. வரவு வைத்தவரின் கையெழுத்தும் முன்பக்கக் கையெழுத்தும் ஒத்திருக்கின்றனவா, வரவு எழுதிய மை மட்டும் புதிதாகத் தெரிகிறதா என்பதையும் அவர் கவனிப்பார். கால வரம்பு தாண்டிய சீட்டைக் காப்பாற்றுவதற்காகப் பிற்பாடு எழுதிச் சேர்த்த வரவுகள் கைக்கு வராத ஆண்டு கிடையாது. சந்தேகம் தோன்றினால் அதை வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டியது அவர் கடமை, தீர்மானிப்பது வழக்கறிஞரின் வேலை.

பிராது என்பது வாதி தம் வழக்கின் விவரங்களையும் கோரும் பரிகாரத்தையும் எழுதித் தாக்கல் செய்யும் மனு. அதை வரைபவர் வழக்கறிஞர்தான் என்றாலும், அதனுடன் போக வேண்டியவற்றைச் சேர்ப்பவர் குமாஸ்தா: கட்சிக்காரர் கையெழுத்திட்டு வழக்கறிஞர் ஏற்றுக்கொண்ட வக்காலத்து, அதில் வழக்கறிஞர் நலநிதி வில்லை, ஆவணப் பட்டியலும் ஆவணங்களும், பிரதிவாதி ஒவ்வொருவருக்கும் ஒரு நகல், நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்புவதற்கான பேட்டா. இவற்றில் அதிகம் தவறுவது கட்டணக் கணக்கு. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி பண வழக்குக்கு முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்த கட்டணம் 2017 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ரூபாயாகக் குறைந்தது. அசல் 60,000 ரூபாய், வழக்குத் தாக்கல் செய்யும் நாள்வரை சேர்ந்த வட்டி 20,000 ரூபாய் என்றால், கோரிக்கைத் தொகை 80,000, கட்டணம் 2,400. அசலை மட்டும் வைத்துக் கணக்கிட்டு 1,800 கட்டியவரின் பிராது 600 ரூபாய்க் குறைவுக்காகத் திரும்பி வரும்.

திரும்பி வருவதை நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் ரிட்டர்ன் என்றே சொல்வார்கள். தாக்கலான பிராதை நீதிமன்ற அலுவலர் சரிபார்த்து, குறைகளை எழுதி, அவற்றைத் தீர்த்து மீண்டும் கொண்டுவர ஒரு கால அவகாசமும் கொடுத்துத் திருப்பித் தருவார். கட்டணம் குறைவு, ஆவணப் பட்டியலில் தேதி இல்லை, இந்த நீதிமன்றத்துக்கு எப்படி அதிகார எல்லை வருகிறது, கால வரம்புக்குள் எப்படி வருகிறது என்பன போன்ற கேள்விகள் ஒரு வரிக்கு ஒன்றாக இருக்கும். இதைப் பார்த்துப் புதியவர்கள் கலங்குவார்கள். ஆனால் ஒரு வழக்கு சட்டப்படி நிற்க என்னென்ன வேண்டும் என்பதை ரிட்டர்ன் குறிப்புகளைப் போல வரிவரியாகக் கற்றுத் தரும் பாடநூல் எதுவும் இல்லை என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. குறைகளைத் தீர்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை எழுதி, கொடுத்த அவகாசத்துக்குள் மீண்டும் சமர்ப்பித்தால் பிராதுக்கு எண் விழும். முதன்முதல் தாக்கல் செய்த நாளின் முத்திரை அதன் மேல் இருப்பதால் கால வரம்பு பற்றிய கவலையும் எழாது. அவகாசம் தாண்டிவிட்டால், மீண்டும் சமர்ப்பிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுவும் அதற்கொரு பிரமாணப் பத்திரமும் தேவைப்படும். ரிட்டர்ன் ஆன கட்டு அலுவலக அலமாரியில் வேறொரு கட்டுக்கு அடியில் சிக்கி மாதக் கணக்கில் மறந்துபோவதுதான் இதற்குப் பெரும்பாலான காரணம். ரிட்டர்ன் கட்டுகளுக்கென்று தனித் தட்டு ஒதுக்கி, திங்கட்கிழமை தோறும் அதைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமுள்ள குமாஸ்தா இருக்கும் அலுவலகத்தில் இந்த மனு அபூர்வம்.

எண் விழுந்த பிறகு வருவது பேட்டா. பிரதிவாதிக்கு சம்மன் கொண்டு செல்லும் நீதிமன்ற ஊழியரின் செலவுக்காக வாதி கட்டும் தொகையை நீதிமன்றச் சூழலில் அப்படி அழைப்பர். தொகை மிகச் சிறியது என்பதாலேயே அதை மறப்பது எளிது. ஆனால் வாதி அதைக் கட்டாததால் சம்மன் சார்வாகவில்லை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஒன்பதாவது கட்டளையின்படி வழக்கையே தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சம்மன் சார்வாகாமல் திரும்பினாலும் ஓய்ந்திருக்க முடியாது: திரும்பிய சம்மனின் பின்னால் அதைக் கொண்டுபோனவர் கதவு பூட்டியிருந்தது, ஆள் வெளியூர், அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று ஏதேனும் ஒன்றை எழுதியிருப்பார், அந்தக் குறிப்பைப் பொறுத்தே அடுத்த நடவடிக்கை அமையும். கதவு பூட்டியிருந்தது என்றால் அதே முகவரிக்கு மறுபடி பேட்டா. அப்படி ஒருவர் இல்லை என்றால் கட்சிக்காரரை அழைத்துப் புதிய முகவரி. ஆள் வேண்டுமென்றே ஒதுங்கித் திரிகிறார் என்று தெரிந்தால் கதவில் ஒட்டியோ செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தோ சார்வு செய்ய அனுமதி கோரும் மனு. புதிய சம்மனுக்கு மனுச் செய்யச் சட்டம் தரும் அவகாசம் ஏழு நாள்தான். கட்சிக்காரரின் தொலைபேசி எண்ணைக் கட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கும் குமாஸ்தாவுக்கு இந்த ஏழு நாள் போதும். வழக்கறிஞரின் கைப்பேசிக்குள் மட்டும் அந்த எண் இருந்தால் போதாது.

குமாஸ்தாவின் அறிவு இளம் வழக்கறிஞரின் அறிவை மிஞ்சும் இடம் ஒன்று உண்டு என்றால், அது நகலின் கடைசிப் பக்கம். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அத்தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். அதற்கு நகல் மனு போட்டு, நீதிமன்றம் எத்தனை முத்திரைத்தாள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது அவற்றை வாங்கிக் கொடுத்து, எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகு போய்ப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த நகலின் இறுதியில் ஐந்து தேதிகள் இருக்கும்: மனுச் செய்த நாள், முத்திரைத்தாள் கோரப்பட்ட நாள், அது கொடுக்கப்பட்ட நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கப்பட்ட நாள். மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், உயர் நீதிமன்றத்துக்குத் தொண்ணூறு நாள் என்று கால வரம்புச் சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறது. தேவைப்பட்ட காலம் எது என்பதில்தான் சிக்கல்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளியும். முன்சீப் நீதிமன்றம் 2025 ஜூன் 2 அன்று தீர்ப்புச் சொல்கிறது, தோற்றவர் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தீர்ப்பு நாள் நீங்கலாக முப்பதாம் நாள் ஜூலை 2. நகல் மனு ஜூன் 9 அன்று போடப்படுகிறது. முத்திரைத்தாள் ஜூன் 16 அன்று கோரப்படுகிறது. கட்சிக்காரர் பணம் தரத் தாமதித்ததால் அது ஜூன் 24 அன்றுதான் கொடுக்கப்படுகிறது. நகல் ஜூன் 30 அன்று தயாராகிறது. அதை வாங்குவது ஜூலை 7 அன்று. பழக்கமில்லாதவர் மனுச் செய்த நாளிலிருந்து நகலை வாங்கிய நாள் வரை இருபத்தொன்பது நாளையும் கழித்து, கெடு ஜூலை 31 வரை இருக்கிறது என்று கருதுவார். அது தவறு. தயாரான நகலை அலுவலகத்தில் ஒரு வாரம் கிடக்கவிட்டது கட்சிக்காரரின் தாமதம், நீதிமன்றத்தின் தாமதம் அல்ல. எனவே ஜூன் 30க்குப் பிந்தைய நாட்கள் கழிக்கப்படா. முத்திரைத்தாள் கோரப்பட்ட 16க்கும் கொடுக்கப்பட்ட 24க்கும் இடையே விரயமான ஏழு நாளும் அவ்வாறே. ஜூன் 9 முதல் 30 வரையுள்ள இருபத்திரண்டு நாளில் ஏழு போக மிஞ்சும் பதினைந்து நாள்தான் கணக்கில் சேரும். ஜூலை 2 உடன் பதினைந்து கூட்டினால் கெடு ஜூலை 17. ஜூலை 31 வரை காத்திருந்தவர் இரண்டு வாரத் தாமதத்துக்கு விளக்கம் சொல்லி மன்னிப்பு மனு போட வேண்டி வரும், அது ஏற்கப்படும் என்பதற்கு உறுதியும் இல்லை.

கணக்கில் இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. நகல் மனுவே முப்பது நாள் கடந்த பிறகு போடப்பட்டிருந்தால் கழிப்பதற்கு எதுவும் இல்லை, ஏனெனில் அப்போது கெடு ஏற்கெனவே முடிந்திருக்கும். கெடுவின் இறுதி நாள் விடுமுறையில் விழுந்தால் நீதிமன்றம் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். மே மாதக் கோடை விடுமுறைக்குள் கெடு முடியும் வழக்குகள் எல்லாம் திறக்கும் நாளன்று வந்து குவிவதன் காரணம் இதுதான். ஆனால் விடுமுறை இடையில் வந்து கெடு அதற்குப் பிறகு முடிந்தால் சலுகை எதுவும் கிடையாது. இந்தக் கணக்கை ஒரு மூத்த குமாஸ்தா மனத்தாலேயே போட்டுவிடுவார். அப்படிப் போட்டாலும் கெடுவைக் கட்டின் அட்டையில் எழுதும்போது உண்மையான தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே எழுதுவார். அட்டையில் எழுதிய தேதியை நம்பித்தான் வழக்கறிஞர் வேலையைத் தொடங்குவார் என்பது அவருக்குத் தெரியும்.

மின்னணுத் தாக்கல் வந்த பிறகு இவற்றில் ஒரு பகுதி மாறியிருக்கிறது. பிராதை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றுவதும், குறைகளை அங்கேயே பார்ப்பதும், வழக்குக்குரிய பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு அடுத்த வாய்தாவைக் கைப்பேசியில் அறிவதும் இப்போது நடைமுறை. கணினியில் கை பழகிய இளைஞர் மூத்த குமாஸ்தாவிடம் சேர்ந்தால் இருவருக்கும் லாபம். அவர் கோப்பை ஏற்றித் தருவார், இவர் எது குறையாக வரும் என்று முன்பே சொல்லித் தருவார். ஸ்கேன் செய்தாலும் புரோநோட்டின் அசல் ஒரு நாள் நீதிமன்றத்தில் காட்டப்பட வேண்டும் என்பதால் சீட்டைப் பாதுகாக்கும் பொறுப்பு மாறவில்லை.

நீதிமன்றப் பக்கத்து வேலைக்கு வழி வேறு. இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி நான்கு தேர்வு வழியாகவும், எக்ஸாமினர், ரீடர், முதுநிலை, இளநிலைப் பெய்லிஃப் போன்றவற்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தனியாக நடத்தும் தேர்வு வழியாகவும் ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள். எக்ஸாமினர் என்பவர் எழுதப்பட்ட நகலை அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர். பெய்லிஃப் என்பவரை மக்கள் அமீனா என்றே அறிவார்கள், ஜப்தி, வெளியேற்றம் போன்ற நிறைவேற்று ஆணைகளை நேரில் சென்று நடத்துபவர் அவர். தொகுதி நான்குக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தட்டச்சர் பதவிக்கு அதனுடன் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுச் சான்று வேண்டும். ஊருக்கு ஊர் இருக்கும் தட்டச்சுப் பயிலகத்தில் மாதக் கட்டணம் கட்டிப் பெறக்கூடிய இந்தச் சான்றே, சட்டத் துறையில் நிரந்தரச் சம்பளத்துக்கான மிக மலிவான நுழைவுச் சீட்டு. குமாஸ்தாவுக்கு இல்லாத அகவிலைப்படியும் விடுப்பும் பதவி உயர்வும் இங்கே உண்டு. சிரஸ்தார் என்ற நிர்வாகத் தலைமைப் பதவி வரை எட்டியவர்கள் பலர் கீழ்நிலையில் தொடங்கியவர்களே. குறை என்னவென்றால், இங்கே ஒருவர் ஒரு பிரிவில் ஆண்டுக்கணக்கில் அமர்த்தப்பட்டுவிட்டால் வழக்கின் ஒரு துண்டை மட்டுமே பார்ப்பார். நகல் பிரிவில் இருப்பவருக்குப் பேட்டா விவகாரம் தெரியாது. தொழிலறிவை மட்டும் வைத்துப் பார்த்தால் தனியார் குமாஸ்தாவின் கையே மேலானது, வருமானப் பாதுகாப்பை வைத்துப் பார்த்தால் நீதிமன்ற ஊழியரின் நிலையே மேலானது.

மூன்றாவதாக, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் என்ற அமைப்பு ஒன்று உண்டு. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2009இல் வகுத்த திட்டத்தின்படி பயிற்சி பெற்று, ஏழைகளுக்கு மனு எழுதவும் இலவச சட்ட உதவி பெறவும் துணை நிற்பவர்கள் இவர்கள். பணி செய்த நாளுக்கு மதிப்பூதியம் கிடைக்கும், ஆனால் இது வேலைவாய்ப்பு அல்ல. தனியார் நிறுவனங்கள் விற்கும் பாராலீகல் பட்டயங்களைப் பற்றி ஒரு வார்த்தை: நிறுவனச் சட்டப் பிரிவிலோ பெரிய சட்ட நிறுவனத்திலோ ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு அவை ஓரளவு பயன்படலாம், ஆனால் நீதிமன்றத்தில் அவை எந்த உரிமையையும் தருவதில்லை, முன்சீப் நீதிமன்ற வேலைக்குப் பட்டயத்துக்குச் செலவிடும் பணம் வீண்.

இத்தொழிலின் சுவர் எங்கே நிற்கிறது என்பதை இளைஞர்கள் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி வழக்காடும் உரிமை பதிவு பெற்ற வழக்கறிஞருக்கு மட்டுமே உரியது. உரிமையின்றி அத்தொழிலைச் செய்பவருக்கு அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. இருபது ஆண்டுகள் கட்டு சுமந்தவருக்கும், ஒரு புதிய பட்டதாரி தடுமாறும் வாதத்தைத் தாம் தடையின்றிச் சொல்லிவிட முடியும் என்று தெரிந்திருந்தாலும், நீதிபதியின் முன்னால் வாய் திறக்க உரிமை இல்லை. கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குவதும், வழக்குகளைப் பிடித்து வந்து கமிஷன் பெறுவதும் இந்தச் சுவரின் மறுபக்கத்து வேலைகள். குமாஸ்தா என்ற பெயரைக் கெடுத்தவர்கள் அங்கேதான் கெடுத்தார்கள்.

சுவரைத் தாண்ட நினைப்பவருக்கு வழி உண்டு, ஆனால் அதற்கான ஏற்பாட்டை வேலையில் சேரும்போதே தொடங்க வேண்டும். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு ஏதேனும் ஒரு பட்டம் வேண்டும், பொதுப் பிரிவினருக்கு அதில் 45 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். அந்தப் பட்டத்தை அஞ்சல் வழியில் படிக்கலாம் என்பதால் குமாஸ்தா வேலையுடன் அது ஒத்துவரும். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்து, பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் பெற்றவரின் பட்டத்தை, அகில இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் சட்டப் படிப்புக்கு ஏற்பதில்லை. இந்த ஒரு விதி தெரியாமல் படித்து, மூன்று நான்கு ஆண்டு உழைப்பையும் கட்டணத்தையும் இழந்தவர்கள் நீதிமன்ற வளாகங்களில் இருக்கிறார்கள். பிளஸ் டூ இல்லாதவர் பட்டத்தைப் பற்றி யோசிக்கும் முன் தனித்தேர்வராக அதை எழுதித் தேறுவதுதான் முறை.

சட்டப் படிப்பு அஞ்சல் வழியில் கிடையாது. வகுப்பில் 70 விழுக்காடு வருகை கட்டாயம் என்பதால், மூன்றாண்டுகள் குமாஸ்தாவின் வருமானமும் பெரும்பாலும் நின்றுபோகும். நீதிமன்ற ஊழியராக இருந்தால் அனுமதியும் விடுப்பும் இன்றி அது நடவாது. அரசுச் சட்டக் கல்லூரியின் கட்டணம் சிறியதுதான், பெருஞ்செலவு வீட்டில் மூன்றாண்டு வருமானம் இல்லாமல் போவது. அதன் பிறகான பதிவுச் செலவு அண்மையில் தெளிவாகிவிட்டது: 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி மாநில பார் கவுன்சில்கள் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியலினத்தவரிடம் 125 ரூபாய்க்கும் மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. குமாஸ்தாவாக இருந்த ஆண்டுகள் வழக்கறிஞர் அனுபவமாகக் கணக்கில் வாரா. உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மீண்டும் கொண்டுவந்த நிபந்தனைக்கும் அவை உதவா.

ஆனால் வேறொரு வகையில் அவை உதவும். முதல் நாளிலேயே ரிட்டர்ன் ஆகாத பிராதைத் தாக்கல் செய்யத் தெரிந்த இளம் வழக்கறிஞரை மூத்தவர்கள் விடமாட்டார்கள். குமாஸ்தா பதவியிலிருந்து அங்கி அணிந்தவர்களை இக்கட்டுரையாசிரியர் பார்த்த அளவில், அவர்களுக்கு வாதத்தில் கை திருந்த நாள் பிடித்தாலும், கெடு தவறிய மேல்முறையீடு அவர்கள் அலுவலகத்திலிருந்து போனதில்லை. குமாஸ்தாவாகவே தொடர்ந்தவர்களின் வருமானமோ அலுவலகத்தின் வழக்கு எண்ணிக்கையையும் கட்சிக்காரர் தரும் குமாஸ்தா ஃபீஸையும் நம்பியது. வழக்கறிஞர் ஓய்வு பெற்றாலோ மறைந்தாலோ அது ஒரே மாதத்தில் நின்றுபோகலாம். ஆகவே இத்தொழிலில் சேர வரும் இளைஞர் தம்மைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கறிஞரிடம் மூன்றை மட்டும் வெளிப்படையாகக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும்: மாதம் நிலையாக எவ்வளவு, பதிவு பெற்ற குமாஸ்தாவாக அடையாள அட்டை வாங்கித் தருவாரா, அஞ்சல் வழிப் பட்டத் தேர்வு நாட்களில் விடுப்புத் தருவாரா. மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று சொல்லும் அலுவலகத்தில் சேர வேண்டாம்.